1487-இல் நான்கு நாளில் 80,400 பேர்: இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

கார்முகில்
ஆஸ்டெக் பேரரசைப் பற்றி எங்கே படித்தாலும் இந்த எண் வந்துவிடுகிறது. 1487-இல் தலைநகரம் டெனோச்டிட்லானின் பெரிய கோயிலை விரித்துக் கட்டி முடித்த விழாவில், அஹுவிட்சோட்ல் மன்னர் நான்கே நாளில் 80,400 கைதிகளைப் பலி கொடுத்தாராம். சும்மா வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு 20,100 பேர், ராத்திரி பகல் ஓயாமல் வெட்டினாலும் நிமிடத்துக்கு 14 பேர். நகரத்தின் மொத்த மக்கள்தொகையே இரண்டு லட்சம் வாக்கில்தான் என்கிறார்கள். அத்தனை உடல்களை என்ன செய்திருப்பார்கள்? ஸ்பானியர்கள் அவிழ்த்துவிட்டதுதானே இது? அப்படியென்றால் நரபலியைப் பற்றி அவர்கள் எழுதிய மற்றதை மட்டும் எதை வைத்து நம்புவது?

சோழியன்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிடித்த நாட்டுக்காரனைக் காட்டுமிராண்டி என்று எழுதினால்தான் பிடித்தது நியாயமாகும். ஆஸ்டெக் பேரரசைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கொர்டேஸ் கியூபா ஆளுநரின் பேச்சை மீறிப் புறப்பட்டு வந்தவர், அரசரிடம் தன் பக்கத்துக்கு ஏதாவது காரணம் காட்டியே ஆக வேண்டும். 1519 ஜூலையில் கடற்கரையிலிருந்து, அதாவது டெனோச்டிட்லானைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, அவருடைய ஆட்கள் அரசருக்கு எழுதிய கடிதத்தில் "ஆண்டுக்கு மூவாயிரம் நாலாயிரம் பேரைப் பலி கொடுக்கிறார்கள்" என்று இருக்கிறது. பார்க்காத ஊருக்கு எண்ணிக்கை! நரபலி நடந்ததற்கு நேரில் பார்த்த நேர்மையான சாட்சி ஒன்றுகூடக் கிடையாது. முழுக் கட்டுக்கதை.

ரவி_திருச்சி
இவங்க காலண்டர்தானே 2012-இல் உலகம் அழியும் என்று சொன்னது? அப்போது எங்கள் தெருவில் ஒருவர் அரிசி மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டார்.

தேன்மொழி
ரவி, அது மாயா மக்களின் நெடுங்கணக்கு நாட்காட்டி. இடமும் வேறு, காலமும் வேறு. அவர்களும் உலகம் அழியும் என்று சொல்லவில்லை, அதை விடுங்கள்.

நூலகப்பூனை
கடற்கரைக் கடிதம் பற்றிச் சோழியன் சொன்னது சரி. அந்த எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 80,400 அந்த வழியில் வரவே இல்லை.

அதை எழுதியவர் டியேகோ துரான் என்ற தொமினிக்கன் துறவி. ஸ்பெயினில் பிறந்தாலும் சின்ன வயதிலேயே மெக்சிகோ வந்து டெஸ்கோகோவில் வளர்ந்தவர், ஆஸ்டெக்குகள் பேசிய நாவாட்ல் மொழி சரளமாகத் தெரியும். 1581-இல் எழுதி முடித்தார், விழா நடந்து 94 ஆண்டு கழித்து. அவர் கையில் இருந்தது மெக்சிக்கா மக்களே, அதாவது நாம் ஆஸ்டெக் என்கிற டெனோச்டிட்லான்காரர்களே, தங்கள் மொழியில் எழுதி வைத்திருந்த ஒரு பழைய வரலாறு. அதிலிருந்துதான் இந்த எண்ணை எடுக்கிறார். எடுத்துவிட்டு, இது எனக்கே நம்ப முடியாததாக இருக்கிறது, மூல வரலாறு கட்டாயப்படுத்தாமலும் வேறு இடங்களில் எழுத்திலும் ஓவியத்திலும் பார்க்காமலும் இருந்தால் எழுதத் துணிந்திருக்க மாட்டேன் என்று அவரே புலம்புகிறார். கட்டிவிடுகிறவர் இப்படி எழுத மாட்டார்.

இப்போது அதே 1487 விழாவைக் காட்டும் ஓவியச் சுவடிக்கு வாருங்கள். பாரிஸில் இருக்கும் தெலெரியானோ-ரெமென்சிஸ் சுவடி. ஸ்பானியர் நாட்டைப் பிடித்த பின் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது, ஆனால் பழைய ஓவிய மரபில். கோயில், பலிக்கு நிற்கும் கைதிகள், பக்கத்தில் எண் குறிகள். அவர்களுடைய எண் முறை இருபதின் மடங்கு. பை மாதிரி ஒரு குறி என்றால் 8,000. கிளை மாதிரி ஒரு குறி என்றால் 400. அந்தப் பக்கத்தில் இரண்டு பை, பத்துக் கிளை இருக்கின்றன. 16,000-உம் 4,000-உம் சேர்த்தால் 20,000. ஆனால் ஓரத்தில் ஸ்பானிய மொழியில் குறிப்பு எழுதியவர், கிளைக்கு நானூறு என்று விளக்கிவிட்டு, வெறும் 4,000 பேர் என்று முடிக்கிறார். பையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஸ்பானியக் குறிப்புதான் இங்கே குறைத்துச் சொல்கிறது, ஓவியம்தான் கூட்டிச் சொல்கிறது.

துரானின் 80,400-ஐயும் அதே முறையில் எழுதிப் பாருங்கள். பத்துப் பை, ஒரு கிளை. மிச்சம் மீதி இல்லாமல் வருகிறது. தலையை எண்ணி வந்த எண் இப்படி வட்டமாக வராது.

கார்முகில்
அப்போது மிகைப்படுத்தியது மெக்சிக்கா மக்களேவா? தாங்களே தங்களை இப்படிச் சொல்லிக்கொள்வதில் என்ன லாபம்?

நூலகப்பூனை
பெரிய லாபம் இருக்கிறது. அந்த விழாவுக்கு எதிரி நாட்டு மன்னர்களையும் ரகசியமாக அழைத்து, மறைவான இடத்தில் உட்காரவைத்துப் பார்க்கவைத்தார்கள் என்று துரானே எழுதுகிறார். விழாவே ஓர் எச்சரிக்கை. அஹுவிட்சோட்ல் முந்தைய ஆண்டுதான் பட்டத்துக்கு வந்தவர், அவருக்கு முன் ஆண்ட அண்ணன் போரில் சோபிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். தம்பி வித்தியாசமானவன் என்று ஊருக்கும் எதிரிக்கும் தெரியணும். வென்ற கைதிகளின் எண்ணிக்கையை நம்மூர் மெய்க்கீர்த்திக்காரர்கள் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் அது யாருக்குத் தேவைப்பட்டது என்று தனித்தனியாகப் பார்க்கணும். மெக்சிகோவின் முதல் ஆயர் சுமாராகா 1531-இல் எழுதிய கடிதத்தில் நகரத்தில் ஆண்டுக்கு 20,000 என்கிறார். அதே மூச்சில் தாங்கள் இடித்த கோயில்கள், உடைத்த சிலைகள் பற்றிய பெருமையும் வருகிறது, அதாவது சபைக்கு அனுப்பிய சாதனைப் பட்டியல். 1550-51-இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில், அந்த மக்கள்மீது போர் தொடுத்தது நியாயமா என்று நடந்த வாதத்தில், செபுல்வெதா என்ற அறிஞர் அந்த மாதிரி எண்களை வைத்துத்தான் போர் நியாயம் என்றார். அந்த மக்களுக்காக எதிர்த்து நின்ற துறவி லாஸ் காஸாஸ், இருபதாயிரமும் இல்லை, நூறும் இல்லை, ஐம்பதும் இல்லை என்றார். லாஸ் காஸாஸ் நல்லவர் என்பதால் அவர் எண் சரியாகிவிடாது. அவரும் ஒரு வழக்கில்தான் வாதாடிக்கொண்டிருந்தார்.

கோடவுன்_மணி
இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். வரலாறு எனக்குத் தெரியாது, ஆனால் எண்ணுவது தெரியும், நெல் குடோனில் இருப்பு சரிபார்க்கிற வேலை. இவர்களில் எவராவது நின்று எண்ணினாரா? எப்படி எண்ணினார் என்று எழுதியிருக்கிறாரா? எனக்கு எண்ணைவிட அதுதான் முக்கியம்.

நூலகப்பூனை
மணி அண்ணே, சரியான இடத்தில் கைவைத்தீர்கள். ஒருவர் எழுதியிருக்கிறார். கொர்டேஸின் வீரர் அந்திரேஸ் தெ தாப்பியா. பெரிய கோயிலுக்கு முன்னால் மண்டையோட்டுச் சட்டம் ஒன்று இருந்தது, நாவாட்லில் சொம்பான்ட்லி. வரிசையாக உயரமான மரத்தூண்கள், தூணுக்குத் தூண் குறுக்குக் கழிகள், ஒவ்வொரு கழியிலும் பொட்டுப் பக்கமாகத் துளைத்துக் கோர்த்த ஐந்து தலைகள். இரண்டு முனையிலும் சுண்ணாம்பும் மண்டையோடும் வைத்துக் கட்டிய கோபுரம். தானும் கொன்சாலோ தெ உம்ப்ரியா என்பவரும் கழிகளை எண்ணி ஐந்தால் பெருக்கியபோது 136,000 வந்தது, கோபுரங்களை அதில் சேர்க்கவில்லை என்கிறார்.

கோடவுன்_மணி
அதேதான்! குடோனில் ஒரு முறை நீளத்துக்கு இத்தனை, அகலத்துக்கு இத்தனை, உயரத்துக்கு இத்தனை என்று பெருக்கிக் கொடுத்த கணக்கில் பல நூறு மூட்டை கூட வந்தது. அட்டியைப் பிரித்தால் நடுவில் காலி. முகப்பில் இருக்கிற அடுக்கு உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் இந்த கதிதான். உங்கள் வீரர் எல்லாக் கழியையும் எண்ணினாரா, ஒரு பக்கத்தை எண்ணிப் பெருக்கினாரா? எல்லாக் கழியிலும் ஐந்து இருந்ததா? அது தெரியாமல் 136,000 என்பது பேப்பர் இருப்பு. ஆனால் ஒன்று, பெருக்கல் தப்பாக இருக்கலாம், அட்டியே இல்லாத இடத்தில் யாரும் பெருக்க மாட்டார்கள்.

சோழியன்
அட்டி இருந்தது என்பதற்கும் அதே வீரர் வாய்தானே சாட்சி?

நூலகப்பூனை
இல்லை, இப்போது மண்ணே சாட்சி. 2015-இல் மெக்சிகோ நகரத்தில் கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் குவாத்தமாலா தெருவில், காலனிக் கால வீடு ஒன்றின் அடியில் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். மண்டையோடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதித்து வட்டமாகக் கட்டிய கோபுரம் வெளியே வந்தது, குறுக்களவு ஐந்து மீட்டர் வாக்கில். பக்கத்தில் சட்டம் நின்ற மேடை, அதில் தூண்கள் நட்ட குழிகள். மேடையின் நீளம் சுமார் 35 மீட்டர். 2020 வாக்கில் கோபுரத்தில் எண்ணப்பட்டவை 603 மண்டையோடுகள். தாப்பியா வருணித்த அமைப்பு அப்படியே இருக்கிறது: தூண், பக்கவாட்டுத் துளை, காரைக் கோபுரம். ஆனால் அந்த மேடையின் அளவை வைத்துப் பார்த்தால் ஒரே நேரத்தில் சில ஆயிரம் தலைகள் என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. ஒரு லட்சம் என்பது எட்டாத பேச்சு.

பொருளை நம்பலாம், எண்ணை நம்ப முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். படையெடுத்து வந்தவர்களின் எழுத்தில் பல இடங்களில் இப்படியே வருகிறது.

சோழியன்
சரி, மண்டையோடு இருந்தது. போர்க்களத்தில் செத்தவர்களின் தலையை வெட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். உலகம் முழுக்கச் செய்திருக்கிறார்கள். அது பலி ஆகாதே.

நூலகப்பூனை
நியாயமான கேள்வி. மூன்று விஷயம் பார்க்கிறார்கள்.

ஒன்று, வெட்டுத் தடம். தோலையும் சதையையும் அகற்றிய கீறல்கள் ஒரே இடங்களில், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. களத்தில் அவசரமாக வெட்டியவர் கை அப்படி இருக்காது, பழகிய கை. இரண்டு, யாருடைய தலை என்பது. முதலில் விரிவாகப் பார்த்த 180 மண்டையோடுகளில் முக்கால் பங்கு ஆண்கள், பெரும்பாலும் 20 முதல் 35 வயது, போர்வீரர் வயதுதான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு பெண்கள், சில குழந்தைகள். மூன்று, வாழ்ந்த இடத்து மண்ணிலிருந்து சாப்பாடு வழியாகப் பல்லிலும் எலும்பிலும் சேர்கிற ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம். இவர்கள் வெவ்வேறு பகுதிகளில் பிறந்தவர்கள், ஆனால் சாவதற்கு முன் சில காலம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்தவர்கள் என்று அது காட்டுகிறது. களத்தில் விழுந்த அன்றே வெட்டிய தலைக்கு இது பொருந்தாது.

இதயத்தை எடுத்ததற்கும் தடம் உண்டு. பெரிய கோயிலின் 111-ஆம் எண் காணிக்கைக் குழியில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று. விலா எலும்பின் உள்பக்கத்தில் வெட்டுத் தடம். வெளியிலிருந்து குத்துப்பட்டால் உள்பக்கத்தில் அப்படி விழாது.

சோழியன்
பெண்களும் குழந்தைகளும் என்றால் முற்றுகையில் பிடிபட்டவர்களாகவும் இருக்கலாம், அடிமைகளாகவும் இருக்கலாம். எல்லாரையும் ஒரே கட்டில் பலி என்று கட்டிவிடுவதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை.

தேன்மொழி
அடிமைகளை விலைக்கு வாங்கிப் பலி கொடுத்ததும் உண்டு, வியாபாரிகள் அதைச் செய்தார்கள் என்று சஹாகுன் என்ற துறவி தொகுத்த நூலில் தனியாகவே வருகிறது. ஆகவே அது உங்கள் வாதத்துக்கு உதவாது, சோழியன்.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லாரும் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பலி பெரும்பாலும் நாட்காட்டியோடு கட்டியது. இருபது இருபது நாளாகப் பதினெட்டு மாதம், கடைசியில் ஆகாத ஐந்து நாள். மாதத்துக்கு மாதம் ஒரு தெய்வம், ஒரு விழா. இதில் பல பலிகள் ஒருவர் அல்லது சிலர்தான். தொஷ்காட்ல் மாதத்தை எடுங்கள், நம் மே மாத வாக்கில் வரும். டெஸ்காட்லிபோகா தெய்வமாகவே ஓர் இளைஞனை ஓராண்டு முழுக்க வாழவைக்கிறார்கள். அவன் உடம்பில் எந்தக் குறையும் இருக்கக்கூடாது. நெற்றி புடைத்திருக்கக்கூடாது, பல் இப்படி இருக்கக்கூடாது, விரல் அப்படி இருக்கக்கூடாது என்று நாவாட்ல் மூலத்தில் ஒரு பெரிய பட்டியலே போகிறது, படித்தால் மூச்சு வாங்கும். குழல் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பூவோடும் புகைக்குழலோடும் தெருவில் நடக்கிறான், ஜனங்கள் கும்பிடுகிறார்கள். கடைசி இருபது நாள் தேவியர் பெயரில் நான்கு பெண்கள் மனைவிகள். பிறகு படகில் கூட்டிப்போய்ப் பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒதுக்குப்புறமான ஒரு சின்னக் கோயிலில் அவனாகவே படியேறுகிறான். படிக்கு ஒரு குழலாக உடைத்துக்கொண்டே ஏறுகிறான். மேலே பூசாரிகள் பிடித்துக் கல்லில் சாய்த்து இதயத்தை எடுக்கிறார்கள். அவன் தலையும் சட்டத்துக்குத்தான் போகிறது. அன்றே அடுத்த ஆண்டுக்கான இளைஞன் தொடங்கிவிடுகிறான்.

இதில் கொர்டேஸுக்கு என்ன பிரயோஜனம்? எதிரியைக் கேவலப்படுத்த எழுதுகிறவர் பல்லின் வரிசையைப் பற்றியா எழுதுவார்?

கார்முகில்
இதைச் சொன்னது யார்? அந்தப் பூசாரிகளேவா?

தேன்மொழி
அங்கேதான் சிக்கல். பிரான்சிஸ்கன் துறவி சஹாகுன் 1550-களின் கடைசியில் தெபெபுல்கோவிலும் பிறகு ட்லாடெலோல்கோவிலும் முதியவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். அவர்கள் ஓவியமாகச் சொன்னார்கள், அவரிடம் படித்த நாவா இளைஞர்கள் நாவாட்லில் எழுதினார்கள். அந்தோனியோ வலேரியானோ போன்றவர்கள், லத்தீனும் தெரிந்தவர்கள். பன்னிரண்டு நூலாக 1577 வாக்கில் முடிந்தது. சொன்னவர்கள் பெரும்பாலும் பிரபுக் குடும்பத்தார், அதற்குள் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டவர்கள். கோவில் காரியத்தை உள்ளிருந்து நடத்தியவர்களில் எத்தனை பேர் மிச்சம் இருந்திருப்பார்கள்?

ஆகவே இடத்துக்கு இடம் தராசை மாற்ற வேண்டியிருக்கிறது. தலைமைப் பூசாரிகள் இருவர், சமமான பதவி, ஒருவர் போர்த் தெய்வம் ஹுய்ட்சிலோபொச்ட்லிக்கு, ஒருவர் மழைத் தெய்வம் ட்லாலோக்குக்கு. இது கோயிலோடு ஒத்துப்போகிறது, உச்சியில் இரட்டைச் சன்னதி. பூசாரிகள் உடம்பெல்லாம் கரி பூசி, கற்றாழை முள்ளால் தங்கள் காதையும் காலையும் குத்தி ரத்தம் கொடுத்தது ஓவியச் சுவடிகளிலும் இருக்கிறது, அதையும் நம்பலாம். ஆனால் அந்த இருவரைக் குலம் பார்க்காமல், ஏழை வீட்டுப் பிள்ளையானாலும் பணிவும் தூய மனதும் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள் என்று வருகிற பகுதியைப் படிக்கும்போது, நல்ல துறவி எப்படி இருக்கணும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பையன் எழுதியது மாதிரி இருக்கிறது. அங்கே நான் கொஞ்சம் நிறுத்திப் படிப்பேன்.

ஆர்_கே_பாலா
இதெல்லாம் எதுக்கு, அவர்களுக்கு ஆடு மாடு கிடையாது, புரதம் பற்றவில்லை, அதனால் சாப்பிட்டார்கள். அறிவியல்படி நிரூபித்தாயிற்று.

நூலகப்பூனை
1970-களில் வந்த கருத்து, அப்போதே அடி வாங்கியது. சோளமும் அவரையும் கீரைவிதையும் சேர்த்துத் தின்றால் புரதம் போதும். ஏரித் தோட்டங்களும் கப்பமும் கொண்டுவந்து கொட்டின. பலி மிகுந்த விழாக்கள் பஞ்ச மாதத்தில் வரவில்லை, அறுவடையை ஒட்டித்தான் வந்தன. சதை போனது கைதியைப் பிடித்த வீரர் வீட்டு விருந்துக்கு, பட்டினி கிடந்தவர்களுக்கு இல்லை. ஆடு மாடு இல்லை என்பது மட்டும் சரி. வான்கோழியும் நாயும் இருந்தன.

தேன்மொழி
சோழியனுக்கு ஒரு பக்கக் குறிப்பு, தென் அமெரிக்காவின் இன்கா பேரரசிலிருந்து. ஸ்பானியர்கள் அங்கே மலையுச்சியில் குழந்தைகளைப் பலி கொடுத்தார்கள் என்று எழுதினார்கள். இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா 1609-இல் வெளியிட்ட நூலில் இன்காக்கள் நரபலி கொடுக்கவே இல்லை என்று மறுத்தார். தாயின் குலத்துக்காகப் பேசினார். 1999-இல் யுல்யாயாக்கோ சிகரத்தில், 6,700 மீட்டருக்கு மேலே, பனியில் உறைந்த மூன்று குழந்தைகள் கிடைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது வாக்கில். அவள் முடியைப் பரிசோதித்தால் சாவுக்கு முந்தைய மாதங்களில் கோக்காவும் சோள மதுவும் ஏறிக்கொண்டே போகின்றன. தன் மக்களுக்காகப் பேசியவர் சொன்னது அங்கே நிற்கவில்லை.

சோழியன்
அது எனக்குத் தெரியாத செய்தி, பார்க்கிறேன். ஆனாலும் எழுதிய பத்துப் பேரும் ஒரே துறவி மடத்துக் காகிதங்களைப் பார்த்து எழுதினால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒன்றுதான். இதையும் சொல்லி வையுங்கள்.

நூலகப்பூனை
அதில் உங்களோடு முழுக்கச் சேர்ந்துகொள்கிறேன். 1487 விழாவுக்கே 1615-இல் தொர்கெமாதா என்ற துறவி 72,344 என்று எழுதுகிறார். ஒற்றை இலக்கம் வரை துல்லியம், அதுவும் 128 ஆண்டு கழித்து. நாவாட்லில் இருந்த அந்தப் பழைய வரலாறு இன்று கைவசம் இல்லை. அதிலிருந்து பிறந்த நூல்களை ஒப்பிட்டுத்தான் அப்படி ஒன்று இருந்தது என்றே தெரிகிறது. எனவே துரானும் அவரைப் போலவே எழுதிய இன்னொருவரும் ஒத்துப்போனால் அது இரண்டு ஓட்டு இல்லை.

கார்முகில்
இன்னொரு சந்தேகம். மாதம் 18, மிச்சம் 5, ஆக 365. கால் நாளைக் கூட்டவில்லை என்றால் விழா பருவத்தைவிட்டு நகர்ந்துகொண்டே போகுமே? மழைக்காகக் குழந்தைகளைக் கொடுக்கிற மாதம் 200 ஆண்டில் 50 நாள் தள்ளிப்போய்விடும்.

தேன்மொழி
போகும், அதுதான் இன்றைக்கும் தீராத சண்டை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கடைசி ஐந்து நாளை ஆறாக்கியிருக்கலாம் என்று சஹாகுன் ஊகிக்கிறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. 260 நாள் சடங்கு நாட்காட்டிச் சுற்றும் 365 நாள் சுற்றும் 52 ஆண்டுக்கு ஒருமுறை சேர்கிற கணக்கில் ஒரு நாளைச் செருகினாலும் எல்லாம் கலைந்துவிடும். ஆண்டு எப்போது தொடங்கியது என்பதிலேயே ஆளுக்கொரு பேச்சு. சஹாகுன் ட்லாடெலோல்கோ முதியவர்களையும் மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பல நாள் வாதாடவிட்டு, பிப்ரவரி 2 என்று முடித்தார். கிறிஸ்தவ விழா நாளோடு அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். வேறு துறவிகள் மார்ச் என்கிறார்கள்.

நூலகப்பூனை
பூசாரிகள் தேதியை விட்டுவிட்டு மழையைப் பார்த்து விழாவை நகர்த்தியிருக்கலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. தொஷ்காட்ல் 1520 மே மாதத்தில் நடந்தது, கொர்டேஸின் துணைத் தளபதி அல்வராதோ அந்த விழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றதால் அந்த ஓராண்டின் பருவம் மட்டும் நிச்சயமாகத் தெரியும். மற்ற ஆண்டுகளுக்கு இப்படி ஒரு பிடிமானம் கிடைப்பது அரிது.

சோழியன்
அப்போது அந்த ஓராண்டுக்கும் பிடிமானம் அல்வராதோ செய்த படுகொலைதான். பலி எண்ணிக்கைக்கு இவ்வளவு பேசினோம், அன்று ஆடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்கு வைத்தார்களா? தெரிந்தால் போடுங்கள்.

கோடவுன்_மணி
போடும்போது எப்படி எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.